வழக்கம்போலத்தானே

காலை எட்டு மணிக்குப் போனை எடுத்தால், பத்து மணிக்குள் நாற்பது பேக்கரிகளை முடித்துவிடுவேன். மாவு, ஈஸ்ட், வெண்ணெய்க்குப் பதிலாகப் போடும் மார்ஜரின், கேக் மிக்ஸ், பிரெட்டை மென்மையாக்கும் பொடி என்று நாற்பத்திரண்டு சரக்கு வைத்து பேக்கரிகளுக்கு விற்கிறோம். ஆர்டர் மேசை என்னுடையது. பதினோரு வருஷமாக அதில் வேறு யாரையும் உட்கார விட்டதில்லை. "அண்ணே, வழக்கம்போலத்தானே?" என்பேன். "ஆமாம்மா" என்பார்கள். அடுத்த நம்பர். என்னைவிட வேகமாக ஆர்டர் எடுக்க ஆள் பிறக்கவில்லை என்று நானே சொல்லிக்கொள்வேன், வேறு யாரும் சொல்லாததால்.

கம்பெனி நான், என் வீட்டுக்காரர், என் தம்பி மூவருக்கும் சொந்தம். இரண்டு வருஷமாக விற்பனை வைத்த இடத்திலேயே நிற்கிறது. வரும் வெள்ளிக்கிழமை ஒரு முடிவு எடுத்தாக வேண்டும்.

தம்பிக்கு, நாலு மணி நேரத் தூரத்தில் இருக்கும் பெரிய நகரத்தில் ஒரு கிடங்கு திறக்க ஆசை. "இந்த ஊர்ல மொத்தமே நூத்தி நாப்பது பேக்கரி. அதுல நூத்திப் பதினெட்டு நம்மகிட்ட வாங்குது. இதுக்கு மேல இங்க என்னக்கா இருக்கு?" என்பான். அங்கே வாடகைக்கு வீடும் மகளுக்குப் பள்ளிக்கூடமும் பார்த்துவிட்டான். வேண்டாம் என்றால் தனியாகப் பிரிந்து போய்விடுவதாகவும் சொல்லிவிட்டான்.

புதுச் சரக்கைச் சுட்டுப் பார்க்கும் எங்கள் சோதனை அடுப்படிக்கு என் வீட்டுக்காரர்தான் ராஜா. அவருக்கு, பிசைந்து உருட்டி உறைய வைத்த மாவை விற்க வேண்டும். பேக்கரிக்காரர் அதை எடுத்து, இளக வைத்து, உப்ப வைத்து, சுட்டால் போதும். அதற்குக் குளிர் அறை வேண்டும், குளிர் வண்டி வேண்டும், வாங்குகிற கடையிலும் ஃப்ரீசர் வேண்டும். 'குளிர்பெட்டி' என்று அவருக்குப் பெயர் வைத்தேன். சிரிக்கவில்லை.

ஒரு மாதமாக மாமாவும் மச்சானும் நேருக்கு நேர் பேசுவதில்லை. ஒரே மேசையில் டீ குடித்துக்கொண்டே, "உன் தம்பிகிட்ட சொல்லு", "மாமாகிட்ட சொல்லுக்கா" என்று நடுவில் என்னைத் தபால்காரி ஆக்கிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை நான் எந்தப் பக்கம் கையைத் தூக்குகிறேனோ அதுதான் முடிவு. எப்படித் தூக்கினாலும் ஒருவரை இழப்பேன் என்று பயமாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை ஒரு தவறு செய்தேன். மீசைக்காரர் கடைக்கு ஈஸ்ட் எழுத விட்டுப்போனது. வண்டி போய்விட்டதால் நானே ஸ்கூட்டரில் எடுத்துக்கொண்டு ஓடினேன். மீசைக்காரர் என்பது அவருடைய கட்டைக் குரலுக்கு நான் வைத்த பெயர். பின்வாசல் கதவைத் திறந்தவருக்கு மீசையே இல்லை. பதினோரு வருஷமாக வாரம் இரண்டு முறை பேசுகிறேன், முகம் தெரியாது.

உள்ளே போனேன். அடுப்பின் சூடு முகத்தில் அடித்தது. சுவர் ஓரமாக எங்கள் மாவு மூட்டைகள். அவற்றின் பக்கத்திலேயே வேறு கம்பெனி மார்ஜரின் பெட்டிகள், வேறு கம்பெனி கேக் மிக்ஸ், வேறு கம்பெனி பிரெட் பொடி. என் வீட்டுச் சமையலறையில் பக்கத்து வீட்டுப் பாத்திரங்களைப் பார்த்த மாதிரி இருந்தது.

"ஏன்ணே, எங்க மார்ஜரின் சரியில்லையா?"

அவர் கையிலிருந்த மாவைத் தட்டிவிட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். "உங்ககிட்ட மார்ஜரின் இருக்கா?"

ஈஸ்ட் பெட்டியை மேசைமேல் வைத்தேன்.

"நாப்பத்திரண்டு சரக்கு இருக்குண்ணே. சொல்லியிருக்கலாமே?"

"யார்கிட்டம்மா சொல்றது? நீங்க 'வழக்கம்போலத்தானே'ம்பீங்க, நான் 'ஆமா'ம்பேன். அடுத்த வார்த்தை பேசறதுக்குள்ள வெச்சிடுவீங்க. ரொம்ப வேலை போலன்னு நானும் விட்டுட்டேன்." குறை சொல்கிற குரல் இல்லை. என்மேல் இரக்கப்பட்ட குரல். அதுதான் கூடச் சுட்டது.

புதனும் வியாழனும் போனைக் கிடங்குக் கணக்கரிடம் கொடுத்துவிட்டுப் பத்து பேக்கரிகளின் பின்வாசலில் போய் நின்றேன். நாற்பத்திரண்டில் சராசரியாக ஆறு சரக்குதான் எங்களிடம் வாங்குகிறார்கள். மீதியும் அவர்களுக்கு வேண்டும், வேறு இடத்தில் வாங்குகிறார்கள். எங்கள் வண்டியோ பாதி காலியாக அதே வாசல்களில் போய் நின்றுவிட்டு வருகிறது. ஊர் நிரம்பிவிட்டது என்று மூவரும் நம்பினோம். நிரம்பியது வாடிக்கையாளர் பட்டியல் மட்டும்தான்.

சொல்லாமல் விட்டுவிடலாமா என்று தோன்றியது, பொய் சொல்வானேன். யாரோ ஒருவர் பக்கம் கையைத் தூக்கிவிட்டால் என் தவறு யாருக்கும் தெரியாது. ஆனால் தம்பி, பெண்டாட்டி பிள்ளையோடு ஊரை விட்டுப் போவது என்னுடைய 'வழக்கம்போலத்தானே' என்ற ஒரு கேள்வியால் என்றால், நான் எப்படிச் சோறு தின்பது?

வெள்ளிக்கிழமை எல்லாவற்றையும் சொன்னேன். தம்பி முகம் சிவந்துவிட்டது.

"கையில வெண்ணெய வெச்சிக்கிட்டு என்னை நெய்க்கு அலைய விட்டியா? நான் வீடு பார்த்துட்டேன்க்கா!"

"தப்பு என்னோடதுதான்டா. ஆனா யோசி. அங்க போயும் நாம இதே மாதிரிதான் ஆர்டர் எடுப்போம். அங்கேயும் ஆறு சரக்குதான் வாங்குவாங்க. புதுக் கிடங்கு, புது வண்டி, நம்மளத் தெரியாத கடைக்காரங்க, ஏற்கெனவே அங்க வேரூன்றினவங்களோட போட்டி. இங்க அது எதுவும் வேண்டாம். அதே வண்டி, அதே வாசல், இறக்கற பெட்டிதான் கூடும்."

"அப்போ என் மாவு?" என்றார் வீட்டுக்காரர்.

"பத்துக் கடையில ஒருத்தர்கிட்டதான் ஃப்ரீசர்ல இடம் இருக்குங்க. ஆனா நாலு பேர் முட்டை இல்லாத கேக் மிக்ஸ் கேட்டாங்க. அது நம்மகிட்ட இல்ல. உங்க அடுப்படியில அதைச் செஞ்சு பாருங்களேன்."

"நாலு பேரா?" என்று மட்டும் கேட்டார். மனதுக்குள் தராசை எடுத்துவிட்டார் என்று தெரிந்தது.

"மூணு மாசம் குடுங்க," என்றேன். "ஒரு கடை ஆறுக்குப் பதிலா பன்னண்டு சரக்கு வாங்குதான்னு பார்ப்போம். என்னைக்கோ ஒரு நாள் இந்த ஊரும் நிஜமாவே நிரம்பும். அப்போ நீ சொல்ற ஊருக்கு நானே லாரி ஏத்தி அனுப்பறேன்டா."

தம்பி ஜன்னல் பக்கம் போய் நின்றான். போய்விடுவான் என்றே நினைத்தேன்.

"மூணு மாசம் இருக்கேன்," என்றான் திரும்பாமலே. "ஆனா அந்த மேசையை விட்டு நீ எழுந்திரு. போன் இனிமே என்கிட்ட."

பதினோரு வருஷ நாற்காலி. கையை வெட்டிக் கொடு என்றிருந்தால் யோசித்திருப்பேன், இதற்கு யோசிக்க எனக்கு உரிமை இல்லை. கண் கலங்கியது. மேசை டிராயர் சாவியை எடுத்து மேலே வைத்தேன். "மாமா, கடைங்க நம்பர் புத்தகம் எங்க இருக்கு?" என்று தம்பி அவரிடம் நேராகவே கேட்டான்.

திங்கள்கிழமை காலை மீசைக்காரரின் பின்வாசலில், கையில் மாதிரிப் பெட்டிகளோடு நின்றேன். எட்டேகாலுக்கு அவர் போன் அடித்தது. மாவுக் கையோடு ஸ்பீக்கரில் போட்டார். என் தம்பியின் குரல்.

"அண்ணே, வணக்கம். மாவு, ஈஸ்ட் எழுதிட்டேன். இது தவிர வெளியில என்னென்ன வாங்குறீங்கண்ணே? அவசரமே இல்ல, யோசிச்சுச் சொல்லுங்க."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"பேனா வெச்சிருக்கியா தம்பி? கொஞ்சம் நீளமா போகும்."