அழுகின தேங்காயும் பூ விழுந்த தேங்காயும்

குருக்கள் தேங்காயை உடைத்ததும் வாடை குப்பென்று வந்தது. உள்ளே பருப்பு கறுத்துக் கூழாகியிருந்தது. அவர் இரண்டு மூடிகளையும் ஓரமாக வைத்துவிட்டுக் கையைக் கழுவப் போனார்.

பவளக்கொடியின் முகம் வெளிறியது. மகன் செந்தூரனுக்குப் பெண்ணை நிச்சயம் செய்யத்தான் காங்கேயத்துப் பிள்ளையார் கோயிலுக்கு வந்திருந்தாள். பெண் குயிலியும் அவள் அப்பா மருதாசலமும் எதிரே நின்றார்கள்.

"கண்ணு பட்டதெல்லாம் கழிஞ்சு போச்சுங்க. நல்லதுதானுங்க," என்றார் மருதாசலம் அவசரமாக.

"உங்க ஊர்ல அப்படிங்களா? எங்க பக்கம் இதுக்கு வேற அர்த்தமுங்க."

"அம்மா, தேங்காதானே?" என்றான் செந்தூரன்.

"நீ சும்மா இரு."

அவளுக்கு உள்ளுக்குள் ஒன்றும் பிடிபடவில்லை. அவளுடைய சொந்த நிச்சயத்தன்று உடைத்த காய் வெள்ளை வெளேரென்று, சரிபாதியாக விண்டு விழுந்தது. ஊரே மெச்சியது. ஆனால் செந்தூரன் நடை பழகுவதற்குள் அவன் அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். அப்படியானால் அந்த நல்ல காய் சொன்னது என்ன? இந்தக் கெட்ட காய் சொல்வது என்ன?

குருக்கள் திரும்பி வந்ததும், "சாமி, இதுக்கு என்னங்க அர்த்தம்?" என்று கேட்டாள்.

"அழுகல் காய்னு அர்த்தம்மா. நைவேத்தியத்துக்கு ஆகாது. வேற கொடுங்கோ."

மருதாசலம் வெளிக் கடைக்கு ஓடி இன்னொன்று வாங்கி வந்தார். குருக்கள் குடுமியைப் பிடித்துக் கல்லில் தட்டினார். காய் விண்டது. நீரை வடித்துவிட்டுக் குடுமி நாரைப் பிய்த்து மூடிகளைப் பிரித்தார். உள்ளே முட்டை போல ஒரு வெண்பூ உருண்டு திரண்டிருந்தது.

"பூ விழுந்திருக்குதுங்க! பாருங்க, பாருங்க!" மருதாசலத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

பவளக்கொடிக்குக் குழப்பம் இரட்டிப்பானது. "எதைங்க கணக்குல எடுத்துக்கறது? முதல்ல வந்ததா, பின்னால வந்ததா?"

"ரெண்டையும் எடுத்துக்காதீங்கோ," என்றார் குருக்கள். "இது முளைக்க ஆரம்பிச்ச காய், அவ்வளவுதான். உத்தரவு கேக்கணும்னா அதுக்குப் பூக்கட்டிப் பாக்கற முறை தனியா இருக்கு. தேங்கா உடைக்கறது சாமிகிட்ட கேள்வி கேக்கறதில்லம்மா. நம்மளக் குடுக்கறது. மேல் மட்டை மாயை, நார் நாம செஞ்ச வினை, ஓடு ஆணவம்னு சொல்லுவா. அதெல்லாம் போனா உள்ள வெள்ளையா இருக்கறது ஆனந்தம். அது சாமிக்கு."

"வாழைப்பழம் எதுக்குங்க?" என்றாள் பவளக்கொடி.

"பழத்தைத் தின்னுட்டுத் தோலைப் போட்டா முளைக்காது. எனக்கும் மறுபிறவி வேண்டாம்னு வேண்டிக்கறது."

"அப்ப, உள்ளயே அழுகியிருந்தா?"

குருக்கள் கொஞ்சம் தடுமாறினார். "என் தோப்பனார் கெடுதல் விலகித்துன்னு சொல்வார். பெரியப்பா பரிகாரம் பண்ணுன்னு சொல்வார். எனக்குத் தெரியலம்மா."

அர்ச்சனை முடிந்தது. ஊதுபத்தியைச் சுற்றினார், தட்டில் கற்பூரம் ஏற்றினார். இடக்கையில் மணி அதிர, சுடர் பிள்ளையாரின் பாதத்திலிருந்து முகம் வரை ஏறி இறங்கியது. இருட்டில் இருந்த தும்பிக்கை ஒரு நொடி பளிச்சென்று தெரிந்தது.

தட்டு வெளியே வந்தது. "கற்பூரம் எரிஞ்சா சாம்பல்கூட மிஞ்சாது. நானும் அப்படிக் கரையணும்னுதான் ஒத்திக்கறது," என்றார் அவளிடம். பவளக்கொடி சுடரின் மேல் இரு கைகளையும் காட்டிக் கண்ணில் வைத்தாள். உள்ளங்கைச் சூடு இமையில் இறங்கியது. குருக்கள் விபூதி கொடுத்தார். பூசிக்கொண்டாள்.

கண்ணைத் திறந்தபோது குயிலி எதிரில் தெரிந்தாள். அந்தப் பெண் அதுவரை வாயே திறக்கவில்லை. அவளிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பது பவளக்கொடிக்கு அப்போதுதான் உறைத்தது. தேங்காயிடம் கேட்டார்கள், குருக்களிடம் கேட்டார்கள்.

"ஏங்கண்ணு, நீ என்ன நினைக்கறே?"

மருதாசலம் முந்திக்கொண்டார். "அவ என்னங்க சொல்லப் போறா..."

"அவளே சொல்லட்டுமுங்க."

குயிலி தயங்கினாள். "அந்தக் காய் அழுகலா இருந்ததும் எனக்குக் கொஞ்சம் நிம்மதியா இருந்துச்சுங்க அத்தை. பூ விழுந்ததும் பயமாயிருச்சு. ஏன்னு எனக்கே தெரியலைங்க. இவங்ககூட நான் இன்னும் ஒரு வார்த்தை பேசலைங்களே."

மருதாசலம் தலையில் கை வைத்தார். செந்தூரன் மெல்ல, "நானும் பேசலைம்மா," என்றான்.

பவளக்கொடிக்குக் கோபம் வரும் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவளும் அப்படித்தான் நினைத்தாள். வரவில்லை.

"போய்ப் பிராகாரத்துல உக்காந்து பேசுங்க. நாங்க இங்க இருக்கறோம்."

"நிச்சயம் பண்றதுங்க?" என்றார் மருதாசலம்.

"இன்னைக்கு இல்லைங்க."

இருவரும் நெடுநேரம் பேசினார்கள். அதன் பிறகும் சில மாதம் பேசிக்கொண்டிருந்தார்கள். தை மாதம் குயிலியே போன் செய்து, "சரிங்க அத்தை," என்றாள். கல்யாணம் நடந்தது.

அன்று செய்தது சரிதானா என்று பவளக்கொடி இன்னமும் சிலரிடம் கேட்பாள். ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.