சௌபாக்கியவதி இல்லாத பத்திரிகை

மூன்றாவது மாடி மானசா தன் கல்யாணப் பத்திரிகையின் ப்ரூஃபைச் சரிபார்க்கச் சொல்லி என்னிடம் கொண்டுவந்தாள். மும்பையில், இந்த மாட்டுங்காவிலேயே பிறந்து வளர்ந்தவள். தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். யாருடைய பத்திரிகையையோ பார்த்து, பெற்றோர் பெயரை மட்டும் எடுத்துவிட்டு அச்சுக்குக் கொடுத்திருந்தாள்: ‘சௌபாக்கியவதி மானசாவாகிய எனக்கும் சிரஞ்சீவி கிருஷ்ணாவுக்கும்...’

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். போதாததற்குப் பக்கத்து வீட்டு பாகீரதியையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

“ஏண்டி, தனக்குத் தானே யாராவது சௌபாக்கியவதின்னு போட்டுப்பாளா? அது பெரியவா பண்ற ஆசீர்வாதம்டி!”

மானசாவின் முகம் சிவந்தது. “மிஸ், மிஸ்டர் மாதிரின்னு நெனச்சேன் மாமி. அப்போ எப்படிப் போடணும்?”

“‘எங்கள் திருமணத்துக்கு அன்புடன் அழைக்கிறோம்’னு போட்டு, கீழே வெறுமனே ரெண்டு பேர் பேரும். ஆமா, அப்பா பேர் ஏன் இல்லே?”

காரணம் எனக்குத் தெரியும். இருந்தாலும் அவள் வாயால் கேட்க ஆசை.

“ஜாதி வேறயோல்லியோ, என் பேர்ல அழைக்கப்படாதுன்னுட்டார். அதான் நாங்களே அழைக்கறோம்.”

பாகீரதி தரையைப் பார்த்தாள். மானசா என் பேனாவை வாங்கி ‘சௌபாக்கியவதி’, ‘சிரஞ்சீவி’ இரண்டையும் அடித்தாள்.

“அந்த வார்த்தை ரெண்டும் படிக்க நன்னா இருந்தது மாமி,” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஆசீர்வாதம் பண்ண வேண்டிய பெரியவர்களில் நானும் ஒருத்தி என்று அப்போதுதான் உறைத்தது. அவள் இன்னும் படியேறிக்கொண்டுதான் இருந்தாள். ஊர்க்கதையெல்லாம் பேசும் எனக்கு, அவளைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்ல நாக்கு எழவில்லை.