யானை போன பிறகு

புதுப்பட்டியில எங்க தென்னந்தோப்புக்குள்ள யானை வந்த புதுசுல, ஓலை அசைஞ்சாலே எனக்கு நெஞ்சு படபடக்கும். பொறவு அந்தப் படபடப்பு நின்னுபோச்சு. பழகிட்டேன்னுதான் நினைச்சேன். கோடை முழுக்கச் சரியாத் தூங்காம வெடி போட்டு விரட்டினேன். ஒரு காய்ச்சல்கூட வரல.

இப்ப யானையை மலைக்கு ஏத்திவிட்டாச்சு. நானோ எந்திரிக்க ஏலாமக் கிடக்கேன். யானையை விரட்டி ஓடுனப்ப கால்ல பட்ட புண் ஆறல, பிரஷர் ஏறிக் கிடக்கு.

"இது என்ன கூத்து, டாக்டரம்மா?" ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில கத்தினேன்.

"நீங்க பழகல, அண்ணாச்சி. உள்ளுக்குள்ள உடம்பு மல்லுக்கட்டித் தாங்கியிருக்கு. ஆபத்துக்குச் சுரக்குற ஹார்மோன் மாசக்கணக்காச் சுரந்தா உடம்பையே தேய்ச்சிரும். இப்ப தெம்பு தீர்ந்துபோச்சு."

"அதான் யானை போயிருச்சே!"

அவங்க என் கையைப் பார்த்தாங்க. அது இன்னும் வேட்டி மடியில இருந்த, வெடி கொளுத்துற தீப்பெட்டியை இறுக்கிப் பிடிச்சிருந்துச்சு.