பட்டியலில் வராத பிழை

எங்கள் முகாமையாளர் லெனாட் சேர், மென்பொருள் கம்பனிக்குக் கடிதம் எழுதும் வேலையை ஆரபியிடம் கொடுத்த அன்று எனக்கு வயிறு பற்றி எரிந்தது. உள்ளதைச் சொல்கிறேன், இதில் ஒளிக்க என்ன இருக்கிறது? குருநகரில் எங்கள் நண்டு ஏற்றுமதிக் கம்பனி இந்தக் கணினிச் சிஸ்டத்தை வாங்கிய நாளிலிருந்து ஒன்பது வருடமாக அதோடு மாரடிக்கிறவள் நான். ஆரபி வந்து ஆறு மாதம். புத்தூர்ப் பிள்ளை, கொழும்பில் கணினி படித்தவள், இருபத்தாறு வயது. கடிதம் எழுதுவது அவள். பிழைகளைப் பட்டியல் போட்டு அவளுக்குக் கொடுப்பது ஜெசிதா என்கிற நான். நல்ல நீதி.

விஷயம் இதுதான். நண்டு படகிலிருந்து இறங்கி, தரம் பிரித்து, குளிர் அறைக்குள் போய், பெட்டியில் ஏறி வெளிநாடு போகும்வரை எல்லா விபரமும் ஒரு ஈ.ஆர்.பி. மென்பொருளில், அதாவது அந்தச் சிஸ்டத்தில், கிடக்கிறது. நாங்கள் வைத்திருக்கும் பதிப்புக்கு டிசெம்பருக்குப் பிறகு ஆதரவு இல்லை என்று அதை விற்ற கம்பனி அறிவித்துவிட்டது. புதிய பதிப்புக்கு மாற எங்களுக்கு ஒரு வருடத்துக்கு மேல் வேண்டும். ஆகவே பதினெட்டு மாதத்துக்கு ஆதரவை நீட்டித் தாருங்கள் என்று கேட்க வேண்டும். இன்னும் திருத்தாமல் கிடக்கும் பிழை ஒவ்வொன்றுக்கும், திருத்துவீர்களா, எப்போது, திருத்தாவிட்டால் மாற்று வழி என்ன என்று எழுத்தில் மறுமொழி வாங்க வேண்டும். தொலைபேசியில் ‘பார்க்கிறோம், பார்க்கிறோம்’ என்று சொல்லியே வருடக்கணக்காக எங்களைப் பேய்க்காட்டிய ஆட்கள் அவர்கள்.

என்னிடம் பதினான்கு பிழைகள் இருந்தன. நான் பதின்மூன்றைக் கொடுத்தேன்.

பதினான்காவதுதான் எல்லாவற்றிலும் பெரியது. நண்டைத் தரம் பிரித்துக் குளிர் அறையில் ஒரு தட்டில் வைத்தால், இந்தச் சிஸ்டம் புதிதாய் வந்த தொகுதிக்கு அதன் சொந்தப் பிடிபட்ட திகதியைப் போடாது. அதே தட்டில் ஏற்கனவே கிடக்கும் பழைய தொகுதியின் திகதியைத் தூக்கிப் போட்டுவிடும். நேற்றைய நண்டு போன கிழமை நண்டாகிவிடும். நான் தினமும் காலை ஏழு மணிக்கு வந்து, நண்டு இறங்கும்போது படகுத் துறையில் திகதி எழுதி வைத்த துண்டுகளைப் பார்த்து, ஒவ்வொன்றாய்த் திருத்துவேன். எனக்குக் காய்ச்சல் வந்தால் லெனாட் சேர் வாகனம் அனுப்பிக் கூப்பிடுவார்; நான் என்ன திருத்துகிறேன் என்று அவருக்குத் தெரியாது, நான் இல்லாவிட்டால் கணக்குக் குழம்பும் என்பது மட்டும் தெரியும். அந்தப் பெருமையை நேற்று வந்தவளின் கடிதத்துக்குள் வைத்துக் கட்டிக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. இந்தப் பிழை இல்லாமல் கடிதம் போகட்டும், ஒருநாள் சேர் கண்டுபிடிக்கட்டும், ‘ஜெசிதாவிடம் அல்லவா கொடுத்திருக்க வேண்டும்’ என்று சொல்லட்டும். என் கணக்கு அது.

அனுப்புவதற்கு முதல் அவள் என் மேசைக்கு வந்தாள். அச்சடித்த கடிதம் கையில். படித்துப் பார்த்தேன். சனியன், நன்றாகத்தான் எழுதியிருந்தாள். கெஞ்சவும் இல்லை, சண்டை பிடிக்கவும் இல்லை. ஒவ்வொரு பிழைக்கும் முதலில் அறிவித்த நாள், அதனால் எந்த வேலை கெடுகிறது, என்ன மறுமொழி வேண்டும் என்று தனித்தனியாக.

“அக்கா, இதைவிட வேறை ஏதும் இருக்கோ? நல்லா யோசிச்சுச் சொல்லுங்கோ.”

“இல்லைப் பிள்ளை. இவ்வளவும்தான்.”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன்.

மூன்றாம் கிழமை மறுமொழி வந்தது. நீட்டிப்புக்குச் சம்மதம், பன்னிரண்டு மாதத்துக்கு. பதின்மூன்று பிழைகளில் ஒன்பதுக்குத் திருத்தும் மாதமே போட்டிருந்தார்கள். மிச்சம் நான்குக்கும் மாற்று வழி எழுதியிருந்தார்கள். லெனாட் சேர் எல்லோருக்கும் கேட்க அவளைப் புகழ்ந்தார். ஒன்பது வருடத்தில் எனக்கு அப்படியொரு சொல் கிடைத்ததில்லை. அன்று நான் மத்தியானச் சாப்பாட்டை அப்படியே கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

ஆனால் அந்த மறுமொழியில் கடைசிப் பக்கம் ஒன்று இருந்தது. புகழ்ந்த அவசரத்தில் அதைச் சேர் அடுத்த நாள்தான் வாசித்தார். என்னைக் கூப்பிட்டார். ஆரபி முதலே அங்கே நின்றாள்.

நீட்டிப்புக் கொடுக்க முதல் எங்கள் தரவின் பிரதி ஒன்றை வாங்கிச் சோதித்திருந்தார்கள். யார், எப்போது, எதை மாற்றினாலும் சிஸ்டம் எழுதி வைத்துக்கொள்ளும் என்பது எனக்குத் தெரியும். அதை யாரும் திறந்து பார்ப்பார்கள் என்றுதான் நினைக்கவில்லை. எழுதியிருந்தார்கள்: ஜெசிதா என்ற ஒரே பயனாளர் பிடிபட்ட திகதிகளை நாள்தோறும் கையால் மாற்றியிருக்கிறார். மாற்றிய திகதிகள் எல்லாமே பழையதிலிருந்து புதியதற்கு. இதற்குக் காரணமான பிழை எதுவும் உங்கள் பட்டியலில் இல்லை. ஆகவே இந்தத் திகதிகளுக்கு நாங்கள் பொறுப்பில்லை, விளக்கம் தேவை.

பழைய நண்டைப் புதிது என்று காட்டிக் கள்ளத் திகதி போட்டவள் நான் என்றல்லவா அதற்கு அர்த்தம். வாங்குகிற வெளிநாட்டுக் கம்பனி மாசியில் சோதனைக்கு வருகிறது. இந்தத் தாள் அவர்கள் கண்ணில் பட்டால் என் வேலை மட்டுமா போகும்? ஊரில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. என்னைக் காப்பாற்றக்கூடியது பட்டியலில் ஒரேயொரு வரி. அதைத்தான் நானே விழுங்கி வைத்திருந்தேன். ஆப்பிழுத்த குரங்கு.

சேர் கோபப்படவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. இது என்ன ஜெசிதா என்று மட்டும் கேட்டார்.

ஆரபிதான் முந்திக்கொண்டு கதைத்தாள். “சேர், அது சிஸ்டத்தின்ரை பிழை. நேற்றுப் பின்னேரம் இந்தப் பக்கத்தை வாசிச்சிட்டு நான் துறைத் துண்டுகளோடை ஒப்பிட்டுப் பாத்தனான். அக்கா போட்ட திகதியெல்லாம் சரி. அக்கா எனக்கு முதலே சொன்னவா. நான்தான் பட்டியலிலை போட மறந்திட்டன்.”

பாருங்கள், தலைக்கு மேலே தொங்கிய கத்தி விலகிவிட்டது. மற்றவர்கள் என்றால் மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தியிருப்பார்கள். எனக்கு முன்னையதைவிட மோசமாக எரிந்தது. கெட்டிக்காரி என்ற பெயரும் அவளுக்கு. இப்போது நல்லவள் என்ற பெயரும் அவளுக்கா? இனி ஒவ்வொரு நாளும் அவள் முகத்தைப் பார்த்து, இவள் போட்ட பிச்சையில் இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு நான் நண்டு எண்ணுவதா?

“அவ பொய் சொல்லுறா, சேர்,” என்றேன். “நான் சொல்லேல்லை. வேணுமெண்டுதான் விட்டனான்.”

சேர் கண்ணாடியைக் கழற்றினார். “ஏன்?”

“எரிச்சல், சேர். வேறையொண்டும் இல்லை.”

சேர் கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டு சொன்னார்: இரண்டாவது கடிதம் இன்றைக்கே போக வேண்டும். பதினான்காவது பிழையும், அதை மறைத்ததற்கு என் கையெழுத்திட்ட வாக்குமூலமும், மூன்று மாதத் துறைத் துண்டுகளின் பிரதிகளும் அதனோடு போக வேண்டும். அவர்களுடைய மறுமொழி எழுத்தில் வரும்வரை திகதி மாற்றும் அனுமதி என்னிடம் இல்லை. காலை ஏழு மணிக்கு ஆரபி மாற்றுவாள். நான் பக்கத்தில் இருந்து துண்டை வாசிக்க வேண்டும்.

வெளியே வந்து அவளுடைய மேசையில் இருந்தோம். நான் சொல்லச் சொல்ல அவள் தட்டினாள். பாதியில் விரலை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

“ஏனக்கா சொன்னனீங்கள்? நான் சமாளிச்சிருப்பனே.”

“ஓம்,” என்றேன். “நீர் சமாளிச்சிருப்பீர். அதுதான் சொன்னனான்.”

அவள் அடுத்த வரிக்குப் போனாள்.