ஆறு மாசம் என்று சொல்

யுத்தம் நடப்பது எங்கேயோ. பெட்ரோல் தீர்ந்தது மட்டும் கரையான்சாவடியில். ஐந்து பஸ்ஸில் இரண்டைக் கரி வாயுவில் ஓட்டலாம், மூன்றை நிறுத்திவிடலாம் என்று முதலாளி கோதண்டம் முடிவு செய்தார். அதை ஆட்களிடம் சொல்லும் புண்ணியம் குமாஸ்தா உலகநாதன் தலையில் விழுந்தது.

"ஆறு மாசத்துல எல்லாரையும் திரும்பக் கூப்பிடுவோம்னு சொல்லு. அழ மாட்டாங்க," என்றார் முதலாளி.

"கூப்பிடுவீங்களா?"

"அது யாருக்குய்யா தெரியும்!"

உலகநாதனின் தங்கை புருஷன், டிரைவர் தேவராஜும் வேலையிலிருந்து நிற்கப்போகிறவன். ஆவடி மிலிட்டரி டிப்போவில் லாரி ஓட்ட ஆள் எடுக்கிறார்கள், மறுநாளே கடைசி. ஆறு மாசம் என்ற ஒரு சொல் போதும், அந்தச் சோம்பேறி வீட்டில் காலை நீட்டிவிடுவான்.

ஷெட்டில் ஒன்பது பேரையும் உட்கார வைத்து நேராகச் சொன்னான். "மூணு வண்டி நிக்குது. கடைசியா சேர்ந்த ஒன்பது பேருக்கு இந்த மாசத்தோட வேலை இல்ல. மேல ஒரு மாசச் சம்பளம் உண்டு. இதுல உங்க தப்பு ஒண்ணும் இல்ல. எனக்கும் மனசு ஆறல. ஆனா திரும்ப எப்பன்னு எனக்குத் தெரியாது."

ஷெட்டே கொதித்தது. வேலை போனதற்கல்ல, ஆறுதல் சொல்லாததற்கு.

"இன்னா அண்ணாத்தே, ஒரு பேச்சுக்குக்கூட கூப்பிடுறோம்னு சொல்ல மாட்டியா? பொய்யாவாச்சும் சொல்லேன்!" என்று கண்டக்டர் எத்திராஜ் கத்தினான். மச்சான் தெரிஞ்சும் மறைக்கிறான் என்று தேவராஜ் வேறு எண்ணெய் ஊற்றினான். காலையில் வண்டிக்குக் காட்டும் கற்பூரத்தைத் தட்டில் கொளுத்தி நீட்டினார்கள். "அணைச்சு சத்தியம் பண்ணு, தெரியாதுன்னு!"

உலகநாதன் படாரென்று அணைத்தான். கை சுட்டது. தெரியாது என்பதற்குச் சத்தியம் செய்த ஒரே குமாஸ்தா அவனாகத்தான் இருப்பான்.

அந்த நேரம் பார்த்து முதலாளி சிரித்துக்கொண்டே நுழைந்தார். "பயப்படாதீங்கப்பா, ஆறே மாசம்! எல்லாருக்கும் வேலை உண்டு!"

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. எத்திராஜுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. தட்டில் புதுக் கற்பூரம் எரிந்தது. "அணைங்க மொதலாளி!"

முதலாளி கையை வேட்டிக்குள் ஒளித்தார். "விளக்கு வைக்கிற நேரத்துல எவனாவது நெருப்பை அணைப்பானா?"

"காலைல மணி பத்துங்க," என்றான் தேவராஜ்.

கற்பூரம் தானே எரிந்து தீர்ந்தது. தேவராஜ் எழுந்து துண்டை உதறினான். "நான் ஆவடிக்குப் போய்ட்டு வரேன் மச்சான்." மற்றவர்களும் ஒவ்வொருவராக அவன் பின்னால் கிளம்பினார்கள்.

உலகநாதனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அதைக் கண்ட முதலாளிக்கு முகம் கறுத்தது.

"ரெண்டு வண்டிக்குக் குமாஸ்தா எதுக்கு? நீயும் நில்லு," என்றவர், அவன் முகம் போன போக்கைப் பார்த்து இரங்கினார். "ஆறே மாசம்தான். கண்டிப்பா கூப்பிடுறேன்."

அந்தச் சொல்லின் லட்சணம் உலகநாதனை விட யாருக்குத் தெரியும்? ஆனாலும் பூந்தமல்லி ரோட்டில் நடந்தவன் விரல் மடித்து எண்ணினான்: ஆடி, ஆவணி, புரட்டாசி... தையில் கூப்பிட்டுவிடுவார்.