ஒன்று தசம் ஆறு

எண்பத்தேழாம் ஆண்டு சண்டையால் பாதை பூட்டிக் கிடந்த நாட்களில் எங்கள் ஆஸ்பத்திரியின் பிள்ளைகள் வார்ட்டை நானும் றவூபும் மட்டும்தான் இழுத்துக்கொண்டிருந்தோம். மற்றத் தாதிமார் வர வழியில்லை. ஆளுக்குப் பன்னிரண்டு மணித்தியாலம் என்று சொல்லிக்கொள்வோம். உண்மையில் பதினாலு, பதினைந்து. கால் வீங்கிச் சப்பாத்துக்குள் போகாது. யாராவது அண்ணன் முறை வைத்து 'ஜவுபர் காக்கா' என்று கூப்பிட்டாலும் எரிச்சல்தான் வரும்.

மருதமுனையில் கைத்தறி நெய்யும் சித்தி லைலா என்ற பெண் தன் எட்டு மாதப் பிள்ளையைச் சனிக்கிழமை கொண்டுவந்தாள். மூளைக்காய்ச்சல். டொக்டர் கதிர்காமத்தம்பி பிள்ளையை நிறுத்துப் பார்த்து, எட்டுக் கிலோ, ஆறு மணித்தியாலத்துக்கொருக்கா நாலு லட்சம் யூனிட் பென்சிலின் என்று கட்டிலில் தொங்கும் டிக்கட்டில் எழுதினார்.

எங்களிடம் இருந்தவை பத்து லட்சம் யூனிட் தூள் உள்ள போத்தல்கள். கரைக்கும்போது தூளும் கொஞ்சம் இடம் பிடிக்கும். ஆகவே மூன்று தசம் ஆறு மில்லி தண்ணீர் விட்டால் சரியாக நாலு மில்லி வரும். மில்லிக்கு இரண்டரை லட்சம். நாலு லட்சத்துக்கு ஒன்று தசம் ஆறு மில்லி எடுக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் கணக்குப் பார்க்க எவனுக்கு நேரம்? டொக்டரின் எழுத்துக்குப் பக்கத்தில் பென்சிலால் '1.6' என்று குறித்து வைப்போம். பிறகு யூனிட்டைப் பார்ப்பதில்லை, பென்சிலைத்தான் பார்ப்போம். எங்கள் வார்ட்டின் வழக்கமே அதுதான்.

ஞாயிறு இரவு பிள்ளைக்குக் காய்ச்சல் இறங்கிற்று. திங்கள் காலை பால் குடித்தது. அன்று பகல்தான் பழைய போத்தல்கள் முடிந்து, எங்கிருந்தோ வந்த புதுப் பெட்டியை உடைத்தேன். அதே அளவுப் போத்தல், அதே வெள்ளைத் தூள். அதே மூன்று தசம் ஆறு தண்ணீரை விட்டுக் குலுக்கினேன்.

கட்டிலருகே நின்ற சித்தி லைலா போத்தலின் லேபிளை உற்றுப் பார்த்தாள். நூல் கட்டின் இலக்கம் பார்த்து வாங்கிப் பழகிய கண்.

"காக்கா, முந்தின போத்தல்ல ஆறு முட்டை இருந்திச்சி. இதில அஞ்சுதான் இரிக்கி."

"நீதான் ஊசி போடப்போறியா? பேசாம புள்ளையப் புடி."

அவள் பிள்ளையைப் பிடித்தாள். நான் குத்தினேன்.

செவ்வாய் திரும்பக் காய்ச்சல் ஏறியது. புதன் காலை பிள்ளை கழுத்தை விறைத்துக்கொண்டு முனகியது; பால் வேண்டாமென்றது. டொக்டர் வெகுநேரம் பார்த்துவிட்டு, மருந்துக்குக் காய்ச்சல் கேட்கவில்லை, எப்படியாவது மட்டக்களப்புப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்றார். அந்தப் பாதையில் அப்போது போனால் பிள்ளை போய்ச் சேருமோ, தாயும் போய்ச் சேருவாளோ, யார் கண்டது.

பகல் ஊசிக்குப் போத்தலைக் கையில் எடுத்தேன். அப்போதுதான் அவள் சொன்னது உறைத்தது. வெளிச்சத்தில் பிடித்து லேபிளில் இருந்த சுழிகளை எண்ணினேன். ஐந்து லட்சம். பாதி. நாலு மில்லிக்குக் கிட்ட வரும் தண்ணீரில் பாதி மருந்துதான் கரைந்திருக்கிறது. ஒன்று தசம் ஆறில் பிள்ளைக்குப் போனது இரண்டு லட்சம் சொச்சம். திங்கள் பகலிலிருந்து எட்டு ஊசி, றவூப் போட்டதும் சேர்த்து. சொல்லாமலும் விடலாம், பிள்ளையை அனுப்பிவிட்டால் எவருக்கும் தெரியாது என்று ஒரு நினைப்பும் வந்தது. வந்தது உண்மை.

டொக்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் கத்தவில்லை. கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார். இந்தப் போத்தலுக்கு எவ்வளவு தண்ணீர் என்று என்னிடமே கேட்டார். ஒன்று தசம் எட்டு விட்டால் இரண்டு மில்லி வரும், அப்போது மில்லிக்கு இரண்டரை லட்சம், ஒன்று தசம் ஆறு எடுக்கலாம் என்றேன். சரி, இப்போதே போடு, நாளைக் காலை வரை பார்ப்போம், அதுக்கும் கேட்காவிட்டால் பாதை எப்படியிருந்தாலும் அனுப்புவேன் என்றார். அதே மருந்து எழுதியிருந்த மற்ற இரண்டு பிள்ளைகளுக்கும் திருத்தினோம். எல்லா டிக்கட்டிலும் பென்சில் எழுத்தை அழித்தேன்.

சித்தி லைலாவிடம் சொல்லும்போது நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. பிழை என்னுடையது, மருந்து பாதிதான் போயிருக்கிறது, நீ சொன்னபோது நான் கேட்கவில்லை என்றேன். அவள் ஏசவில்லை, அழவுமில்லை. பிள்ளையின் நெற்றியில் ஈரத் துணியை மாற்றினாள். ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

மாலை ஆறு மணிக்கு றவூப் வந்தான். எல்லாவற்றையும் சொல்லி, போத்தலைக் காட்டி, ஒப்படைத்தேன். அவனுக்கும் முகம் செத்துவிட்டது. பிள்ளைக்குச் சூடு இன்னும் நூற்று மூன்று. நான் பையைத் தூக்கிக்கொண்டு சைக்கிளை எடுக்கக் கிளம்பினேன். இனி சித்தி லைலா என் முகத்தில் முழிக்க மாட்டாள் என்றுதான் நினைத்தேன்.

"காக்கா," என்றாள் பின்னாலிருந்து. "ஆறு மணி ஊசிய நீங்களே போடுங்க. நீங்க இனி பாக்காமப் போட மாட்டீங்க."

பையைக் கீழே வைத்துவிட்டுக் கை கழுவப் போனேன்.