ஈரப்பதம் இல்லாமலும்

நாகலூர் எஸ்டேட் ஆபீசில் மாலை ஐந்து மணிக்குக் கணினி முன் உட்கார்ந்திருந்தேன். காபி இலையில் துருநோய் எவ்வளவு வரும் என்று முன்கூட்டிச் சொல்ல பழைய கணக்குகளிலிருந்து தானே கற்றுக்கொள்ளும் ஒரு நியூரல் நெட்வொர்க்கைப் பழக்கியிருந்தேன். மழை, வெப்பம், ஈரப்பதம் மூன்றும் உள்ளீடு. ஈரப்பதம்தான் உயிர்நாடி என்று என் ஆராய்ச்சி கைடு காமாட்சி மேடம் மாநாட்டுக்குச் சுருக்கம் எழுதியே கொடுத்துவிட்டார். வெள்ளிக்கிழமை முழுக் கட்டுரை போக வேண்டும். அதை வைத்துத்தான் என் உதவித்தொகை நீட்டிப்பு.

ஈரப்பதத்தை நீக்கிவிட்டு மறுபடி பழக்கினேன். கணிப்பில் பிழை ஏற வேண்டும். பாவி, அசையவே இல்லை. இரண்டு விதத்தையும் ஐந்தைந்து முறை, வெவ்வேறு தற்செயல் எண்களில் தொடங்கி ஓட்டியதில் ஈரப்பதத்தோடு சராசரிப் பிழை 11.9, இல்லாமல் 11.8. ஈரப்பதத்தோடு ஓட்டியதில் ஒன்றே ஒன்று மட்டும் 9.8. அதை மட்டும் காட்டினால் எல்லாம் சுபம்.

அப்பா மரியதாஸ்தான் எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர். பதினோரு வருடமாக ஈரப்பதத்தைக் குறித்துவைத்தவர்.

"அப்பா, எத்தன மணிக்கு அளப்பீங்க?"

"ஏழு மணிக்குத்தான் கண்ணு. பெரட்டுல ஆள் கணக்கு எடுத்த கையோட."

காலை ஏழு மணிக்கு இந்த மலையில் எல்லா நாளும் நனைந்த நாள்தான். இங்கேயே பிறந்து வளர்ந்த எனக்கு இது உறைக்கவில்லையே என்று என் மேலேயே எரிச்சல் வந்தது.

மெயிலை எழுதினேன்.

"மேடம், ஈரப்பதத்தை நீக்கியும் கணிப்பு கெடவில்லை. ஐந்து ஓட்டங்களின் எண்களும் கீழே உள்ளன. 9.8 தற்செயலாக இருக்கலாம். காலை ஏழு மணி அளவு அதிகம் மாறாதது காரணமாக இருக்கலாம், உறுதியில்லை. முதலில் இருபது தொடக்கங்களில் இரண்டையும் ஓட்டுகிறேன். ஈரப்பதம் சொல்வதை மழையே சொல்லிவிடுகிறதா என்று பார்க்க மழையை மட்டும் ஒருமுறை, இரண்டையும் சேர்த்து ஒருமுறை நீக்குகிறேன். பிற்பகல் இரண்டு மணி அளவை நாளையே தொடங்கலாம். பலன் தெரிய ஒரு பருவம் ஆகும்."

மோடம் இரண்டு தடவை அறுந்தது. 9.8 வரியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிடலாமா என்று இரண்டு தடவையும் கை துறுதுறுத்தது. மூன்றாவது முறை மெயில் போய்விட்டது.

மோடத்தைத் துண்டித்து லைனை விட்ட கால் மணியில் போன் அடித்தது. மேடம்தான்.

"செல்வமேரி, அந்த 9.8-ஐ மட்டும் அனுப்பியிருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காது. ஏன் அஞ்சையும் போட்ட?"

"உங்களுக்குத் தெரியாதுங்கறதாலதான் மேடம் போட்டேன்."

அந்தப் பக்கம் காகிதம் புரளும் சத்தம் கேட்டது.

"கட்டுரைய வாபஸ் வாங்கிடறேன்" என்றார் மெதுவாக. "நீட்டிப்பு கெடைக்கறது கஷ்டம்மா. கமிட்டிகிட்ட இந்த மெயிலத்தான் காட்டப்போறேன். வேற எதுவும் நம்ம கையில இல்ல."

போனை வைத்ததும் அழுகை வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு இருபதில் முதல் ஓட்டத்தைத் தொடங்கினேன்.